மூடி வைத்த ஆறு அண்டா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மனைவி இதையே வேறு மாதிரி சொல்வாள், அதை எழுத முடியாது. தோணியில் இருந்தபோது அதை ஓட்டுகிற தலைவர், தண்டலோடு சண்டை, கரைக்கு வந்தபின் ஓட்டல்காரரோடு சண்டை. கடைசியாகத் தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தில் இராச் சமையல்காரனாக வேலை கிடைத்தபோது அவள் என்னை வாசலில் நிறுத்தி, "அங்கன போயி கையை மட்டும் ஆட்டுங்க, வாயை ஆட்டாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனேன்.

யுத்த காலம் அது. பர்மா அரிசி வரத்து நின்றுபோய், ஊரில் அரிசியை ஏதோ மருந்து மாதிரி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் குண்டு விழுந்த பிறகு எங்கள் துறைமுகத்துக்கும் பயம் வந்துவிட்டது. இருட்டியதும் வெளியே ஒரு தீப்பொறி தெரியக்கூடாது. தெருவில் ஊதலை ஊதிக்கொண்டு ஆள் வருவான். ஜன்னலுக்குச் சாக்கு, விளக்குக்குக் கறுப்புக் காகிதம். மண்டபத்துக் கோட்டை அடுப்போ திறந்த வெளியில் இருந்தது. கொல்லையில் நீளமாகக் குழி வெட்டி, விறகை அடுக்கி எரிக்கிற அடுப்பு. அது எரிந்தால் கடலிலிருந்தே தெரியும். அதனால் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும்.

இராச் சமையல்காரனுக்கு அடுப்பே இல்லையென்றால் என்ன வேலை என்று கேட்பீர்கள். காய் நறுக்குவது, தேங்காய் துருவுவது, ஆட்டுக்கல்லில் மல்லுக்கட்டுவது, பாத்திரங்களை நாய் பூனையிடமிருந்து காப்பது. உள்ளறையில், வாசலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு கரி அடுப்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதில் காப்பித் தண்ணீர் கொதிக்கும், தாளிப்பு நடக்கும். முந்நூறு பேருக்குச் சோறு வேகாது.

நான் சொல்லப்போகிற கல்யாணம் ஒரு கருப்பட்டிக் கடை அண்ணாச்சியின் மகளுக்கு. ஒரே மகள். கொஞ்சமாய்க் கடையும் நிறையக் கூச்சமும் உள்ள மனுஷன் அவர். கல்யாணத்துக்கான அரிசியை மாதக் கணக்காகச் சொந்தக்காரர் வீடுகளில் ஒவ்வொரு படியாக வாங்கிச் சேர்த்திருந்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனியக் கூடாது என்பது ஒன்றே அவர் கவலை. மாப்பிள்ளை வீடு ஆழ்வார்திருநகரி. முகூர்த்தம் விடிகாலையில். தாலி ஏறியதும் பந்தி உட்கார வேண்டும், ஏனென்றால் விருந்தாளிகளில் பாதிப் பேர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். சங்கு ஊதினால் கிளம்பிவிடுவார்கள். விடிந்தபின் அடுப்பு மூட்டி, குழம்பு கூட்டு வைத்துவிடலாம். அத்தனை சோற்றையும் வடிக்க நேரம் காணாது.

அதனால் சமையல் மேஸ்திரி ஒரு யோசனை செய்திருந்தார். கல்யாணச் சமையலில் பேர் எடுத்தவர், கைமணம் உள்ளவர், அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் அவர் யோசனையைக் கேளுங்கள். முந்தின நாளே முழுச் சோற்றையும் வடித்து, சூடு ஆறாமல் அண்டாவிலேயே அமுக்கி, தட்டு போட்டு மூடி, ஈரத்துணி சுற்றி, மேலே சாக்கும் வைக்கோலும் போட்டுப் பொத்தி வைத்துவிடுவது. விடியும்போது திறந்தால் இளஞ்சூடு இருக்கும், இப்போது வடித்த சோறு மாதிரி பரிமாறிவிடலாம். இருட்டடிப்பு வந்த பிறகு ஊரில் பலர் வீட்டளவில் இப்படிச் செய்து பழகியிருந்தார்கள். அண்டாவுக்கு அதைக் கொண்டுபோனவர் எங்கள் மேஸ்திரிதான்.

நான் வேலைக்கு வந்தபோது சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. கொல்லை ஓரத்தில் ஆறு அண்டா, பிள்ளைத்தாய்ச்சிகள் மாதிரி வைக்கோலைச் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. தோளில் இருந்த துண்டைக்கூடக் கழற்றாமல் நேரே அவற்றிடம் போனேன்.

காரணம் இருக்கிறது. கொழும்புக்குப் போகிற தோணியில் நான் பண்டாரியாக இருந்தவன். தோணியில் சமைக்கிறவனைப் பண்டாரி என்பார்கள். ஒரு தடவை, காற்று பலமாக வரும்போலத் தெரிந்ததால், மறுநாள் அடுப்பு மூட்ட முடியாது, இன்றைக்கே சேர்த்து வடி என்றார் தண்டல். பெரிய பானையில் வடித்து, மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, சாக்கில் சுற்றிச் சரக்குக்கு நடுவில் வைத்தோம். மறுநாள் மத்தியானம் திறந்தபோது வாசனை சரியாக இருந்தது, ருசி சரியாக இருந்தது, சோறு வெதுவெதுவென்று கூட இருந்தது. காற்றும் கொஞ்சம் அடங்கியிருந்ததால், எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்பு மூட்டித் தண்ணீர் விட்டு இன்னொரு கொதி கொதிக்கவைத்துத்தான் போட்டேன். பொழுது சாய்வதற்குள் தண்டலிலிருந்து கடைசி ஆள் வரை தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தோம். பாய் இறக்கக்கூட ஆள் இல்லை. ஒரே ஒரு கிழவர் மட்டும் கல் மாதிரி இருந்தார். அவர் முந்தின இராத்திரி அதே சோற்றில் ஒரு அகப்பை எடுத்து, தட்டில் ஆறவிட்டு, சின்னச் சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தவர், மத்தியானம் எங்களோடு சாப்பிடவில்லை.

அதே அரிசி, அதே தண்ணீர், அதே கை. வித்தியாசம் சூடுதான். கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறவரை சோற்றை எதுவும் தொடாது. நன்றாக ஆறி நீருக்குள் போய்விட்டாலும் பெரிய கேடு இல்லை. நடுவில் இருக்கிறதே, குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர்ப் பக்குவம், அந்தச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடக்கிற சோறுதான் ஆளைக் கவிழ்க்கும். சின்னச் சட்டி அந்தச் சூட்டைச் சட்டென்று தாண்டிவிடும். பெரிய பானை, அதுவும் மூடிப் பொத்திய பானை, இராப்பூராவும் அதிலேயே படுத்துக் கிடக்கும். போதாக்குறைக்கு ஆவி மூடியில் முட்டி வேர்த்து, சொட்டுச் சொட்டாகச் சோற்றிலேயே விழும். பிற்காலத்தில் ஒரு டாக்டர் இதற்கு விளக்கம் சொன்னார். மண்ணிலிருந்து அரிசியோடு வருகிற ஒரு கிருமி, கொதியில் சாகாத விதையாகப் பதுங்கியிருந்து, சோறு வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்குமாம். அந்த நஞ்சுக்கு மணமில்லை, எத்தனை தடவை கொதிக்கவைத்தாலும் போகாதாம். அன்றைக்கு எனக்குக் கிருமியும் தெரியாது, விதையும் தெரியாது. தோணி விளிம்பு மட்டும் ஞாபகம் இருந்தது.

வைக்கோலை விலக்கினேன். நான்கு அண்டா பொழுது சாய்கிற நேரத்தில் வடித்தவை. தட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது, அகப்பைக் காம்பை நடுவரை விட்டு எடுத்துத் தொட்டால் சுட்டது. மற்ற இரண்டும் அடுப்பில் இடம் போதாமல் உச்சி வெயிலில் முதல் ஈடாக வடித்தவை. அவற்றின் ஓரத்தில் விரலைச் சுகமாக வைத்துக்கொண்டு இருக்கலாம். அந்தச் சுகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக.

"மேஸ்திரி, இதை இப்படியே விட்டா காலையில கல்யாண வீடு ஆஸ்பத்திரி ஆயிரும். உடனே திறந்து பரத்தணும்."

"ஏலே, தோணியில கஞ்சி காய்ச்சினவன் எனக்குச் சோறு வடிக்கச் சொல்லித் தாரியா? சூடா இருக்கிற சோறு எங்கனயாவது கெடுமா?"

"அடியில தணல் கெடந்து, விடியுற வரைக்கும் கை பொறுக்காத சூடு நின்னா கெடாது. நீருதான் அடுப்பை அணைச்சுட்டீரே. வைக்கோல் சூட்டைப் பிடிச்சு வைக்கும், உண்டாக்குமா?"

"போயி காயை நறுக்குலே."

இந்த இடத்தில் நான் காயை நறுக்கப் போயிருக்க வேண்டும் என்று என் மனைவி கடைசிவரை சொன்னாள். நான் நேரே முன்கூடத்துக்குப் போனேன். அண்ணாச்சி மாப்பிள்ளை வீட்டாரை உபசரித்துக்கொண்டு நின்றார். அவரைத் தனியாகத் தூணோரம் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கொல்லைக்கு வந்து, நான் சொன்னபடி இரண்டு அண்டாவிலும் கையை வைத்துப் பார்த்தார். தோணிக் கதையையும் கேட்டார்.

"சுட்டுக்கிட்டு இருக்கிற நாலையும் காப்பாத்தலாம் அண்ணாச்சி. இந்த ரெண்டையும் கொட்டத்தான் வேணும்."

"கொட்டணுமா?" என்றார். அரிசிக்கு அலைந்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "கொட்டிட்டா பந்திக்குக் காணாதே வே."

மேஸ்திரி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணாச்சி, இவன் பேச்சைக் கேட்டுச் சோத்தைக் கொட்டினீருன்னா நான் கரண்டியைத் தொட மாட்டேன். நல்ல சோறு. மோந்து பாரும்."

அண்ணாச்சி மோந்து பார்த்தார். நல்ல மணம்தான். யாரோ ஒரு உறவுக்காரர், வாசலில் காத்துக் கிடக்கிற ஏழை பாழைகளுக்காவது அந்த இரண்டையும் போட்டுவிடலாமே என்றார். எனக்கு வந்ததே கோபம். "அவுக வயிறு என்ன, தோலாலயா தைச்சிருக்கு? நீரு திங்க மாட்டாததை அவுக திங்கணுமோ?" என்று கத்திவிட்டேன். முன்கூடத்தில் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி தட்டை எடுத்து அண்டாவைத் தானே மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பத்தலைன்னா என்னைப் பத்தித்தான் பேசுவாக. வந்தவுகளுக்கு ஏதும் ஆச்சுன்னா எம்புள்ளையைப் பேசுவாக, கால் வச்ச நேரம்னு. கொட்டிரும்."

அந்தக் கூச்ச சுபாவக்காரருக்கு இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு அப்போதே ஒரு மரியாதை விழுந்துவிட்டது. நானும் தண்ணீர் எடுக்கிற ஆளும் சேர்ந்து இரண்டு அண்டாவையும் கடற்கரைப் பக்கம் தூக்கிப்போய், மணலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். புதைக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அரிசிக்காக ஊர் வரிசையில் நின்ற காலம்.

புதைப்பதற்கு முன்பே மேஸ்திரி அதிலிருந்து ஒரு வட்டில் நிறைய எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளறைக் கரி அடுப்பில் தண்ணீர் தெளித்து நன்றாகச் சூடாக்கி, மோர் விட்டு, எல்லாரும் பார்க்க நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். "பாத்துக்கிடுங்க, நான் சாகுதேனான்னு" என்றார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். தட்டிவிட்டார்.

மீதி நான்கு அண்டாவுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கோரைப் பாய்களைக் கூடத்தில் விரித்து, வெந்நீரில் அலசிப் பிழிந்த வேட்டிகளை மேலே போட்டோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. சோற்றை அள்ளிப் போட்டு, கட்டி இல்லாமல் உதிர்த்து, இரண்டு விரல் கனத்துக்கு மேல் எங்கும் நிற்காமல் பரத்தினோம். மேடாகக் குவித்தால் அதுவும் ஒரு அண்டாதான். விளக்கை அணைத்து, கடல் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டு, ஆளுக்கொரு பனையோலை விசிறி. இருட்டில் வீசிக்கொண்டே இருந்தோம். ஆவி அடங்கி, சோறு தொட்டால் சில்லென்று ஆனது.

ஆனால் ஆறினால் மட்டும் போதாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வெறும் சோற்றை விடியும்வரை நம்ப முடியாது. அதற்கு ஒரே வழி புளி. நல்ல புளிப்பில் சோறு கெடாது, அதனால்தானே பயணத்துக்குப் புளிச்சோறு கட்டுகிறோம். அதைச் சொன்னதும் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுச்சோத்தையா பந்தியில போடச் சொல்லுதீரு? சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாக? வந்ததும் வராததுமா வழிச்சோத்தைப் போட்டு விரட்டுதான்னு நினைக்க மாட்டாகளா?"

நியாயம்தான். எங்கள் பக்கம் கட்டுச்சோறு என்பது விருந்து முடிந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கையில் கொடுக்கிறது. தாலி கட்டிய கையோடு அதை இலையில் வைத்தால், போய் வாருங்கள் என்று வாசலைக் காட்டுகிற மாதிரி. விசிறியை எடுத்து, ஏற்கனவே ஆறிய சோற்றுக்கு மறுபடி வீச ஆரம்பித்தேன்.

அப்போது இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை. நான் கத்தியபோதே கொல்லை வாசலுக்கு வந்தவள், அதன்பிறகு பேசாமல் எங்களோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் அண்ணாச்சி, எங்க ஊருல புளியோதரைங்கிறது பெருமாள் சாப்பிடுதது. அதை வாங்க நாங்க கோயில்ல வரிசையில நிப்போம். நீங்க இலை போட்டு, உக்கார வச்சுக் குடுத்தா வேண்டாம்னா சொல்லுவோம்?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, புளியைக் கொண்டா. உங்க ஊரு ஆளுக புளிக்காய்ச்சலை ரசம் மாதிரி வப்பீக. நான் வச்சுக் காட்டுதேன். ஏளா, அந்த மிளகாயை இங்கன தள்ளு" என்று பக்கத்தில் இருந்தவளை விரட்டினாள்.

சாக்குத் திரைக்குப் பின்னால், கரி அடுப்பில் புளிக்கரைசல் குழம்புப் பதம் தாண்டி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதித்தது. நல்லெண்ணெய், மஞ்சள், பெருங்காயம், உப்பு எல்லாவற்றையும் தாராளமாகவே போட்டாள். ஆறிய சோற்றில் ஒரு பருக்கை வெள்ளையாக மிஞ்சாமல் பிசைந்து, அண்டாவில் போடாமல், அகலமான தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி, மெல்லிய துணியால் மூடினோம். ருசி பார்த்தேன். அவள் எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிசைந்து முடிப்பதற்குள் கொல்லையில் சத்தம் கேட்டது. மேஸ்திரி கிணற்றடியில் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தார், நிமிர்ந்தார், மறுபடி எடுத்தார். ஓடிப்போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். சோற்றுக்கஞ்சி வேண்டாம் என்று, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் கருப்பட்டியும் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். குத்திக்காட்ட நாக்கு துடித்தது, ஆனால் அந்த மனுஷன் என் தோளில் சாய்ந்திருந்த கனத்தில் அது எப்படியோ அடங்கிவிட்டது. விடிகிறபோது வாந்தி நின்றுவிட்டது. முகம் கழுவி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து குழம்புக்கு அடுப்பு மூட்டினார். தாம்பாளத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "முதல் பந்தியை நீ போடு" என்றார், அவ்வளவுதான்.

தாலி ஏறியது. பந்தி உட்கார்ந்தது. இலையில் புளியோதரை விழுந்ததும் பெண் வீட்டுப் பக்கம் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வரிசையில் அத்தை முதல் ஆளாக உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள். அவர்கள் ஊர்க்காரர்கள் அவளைப் பார்த்து வாங்கினார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்து வாங்கினார்கள். வெறும் சோறு என்றால் அள்ளி அள்ளி வைத்திருப்போம். புளியோதரையை அளவாகத்தான் வைப்பார்கள், குழம்பும் கூட்டும் வாழைப்பழமும் மீதி வயிற்றைப் பார்த்துக்கொண்டன. நான்கு அண்டா, எல்லாருக்கும் வந்துவிட்டது. துறைமுகச் சங்கு ஊதியபோது மூட்டைக்காரர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டுதான் போனார்கள்.

எல்லாருக்கும் என்றேன். ஒருவரைத் தவிர. அண்ணாச்சி சாப்பிடவில்லை. பந்திக்குப் பந்தி நின்று, இலையைப் பார்க்காமல் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோணியில் எங்களுக்கு எத்தனை நேரத்தில் வாந்தி வந்தது என்று என்னிடம் வந்து வந்து கேட்டார். மதியம் தாண்டியது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் கொல்லை மணலில் கத்திக்கொண்டு ஓடின. பெரியவர்கள் தூணில் சாய்ந்து குறட்டை விட்டார்கள். மகளும் மருமகனும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியபோது அவர் என்னிடம் வந்தார்.

"இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்லா?"

"ஆகாது அண்ணாச்சி. ஆகணும்னா இதுக்குள்ள ஆயிருக்கும்."

"அப்பம் நான் சாப்பிடலாமா வே?" என்று கேட்டார்.

தாம்பாளங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஒரு பருக்கை இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அத்தை தன் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பையை எடுத்து வந்தாள். மருமகள் புது வீட்டுக்குள் வரும்போது நாழி நிறைத்து வைக்கக் கொண்டு வந்த அரிசியாம். "அது ஊருக்குப் போயி வேற பாத்துக்கிடலாம். சம்பந்தி பட்டினி கெடந்து நாங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக முடியாது" என்று மேஸ்திரி கையில் கொடுத்தாள்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. அடுப்பு மூட்ட ஊதல்காரனைக் கேட்க வேண்டியதில்லை. மேஸ்திரி அரிசியைக் களைந்தார், நான் விறகைத் தள்ளினேன். சின்னச் சட்டியில் வடித்து, ஆவி பறக்க அப்படியே கொண்டுபோய் இலையில் கவிழ்த்தோம். அண்ணாச்சி கையை வைத்துவிட்டு, சூடு பொறுக்காமல் விரலை ஊதிக்கொண்டார். அழுகிறாரா, ஆவி கண்ணில் பட்டதா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அந்தக் கல்யாணத்தில் சுடச்சுடச் சோறு சாப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான்.